எழுபத்தைந்து லிட்டரை மறைத்த கணக்கு

சென்ற மாதம் பேக்ஹோ வண்டி வைத்திருக்கும் ஒருவர் என் பட்டறைக்கு வந்தார். கையில் இந்த இதழின் முந்தைய பிரதி. லோடு சென்சிங் பம்பு என்பது வெறும் விற்பனைத் தந்திரம் என்று வாதிட்ட கட்டுரை வந்த பக்கம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. "அண்ணா, இந்தப் பிஸ்டன் பம்பைக் கழட்டிட்டு ஒரு கியர் பம்பு போட்டுக் குடுத்துருங்க. ரெண்டும் ஒண்ணுதான்னு இதுல தெளிவாப் போட்டிருக்குதுங்க. இதுக்கு ஆயிலும் சூடாகுது, டீசலும் குடிக்குது, எதுக்கு இந்த வம்பு?" என்றார்.

அவர் கேட்டபடி நான் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதிலிருந்தே தொடங்குகிறேன். அந்த வண்டியின் கண்ட்ரோல் வால்வு, லீவர் நடுவில் நிற்கும்போது ஆயிலுக்கு வழி விடாத வகை. பிஸ்டன் பம்பு அதற்கேற்பத் தன் வீச்சைக் குறைத்துக்கொண்டு சும்மா சுற்றும். கியர் பம்புக்கு அப்படிக் குறையத் தெரியாது. ஒரு சுற்றுக்கு எவ்வளவு தள்ளுமோ அவ்வளவைத் தள்ளித்தான் தீரும். போக வழியில்லாத அந்த ஆயில், லீவரை யாரும் தொடாத நேரத்திலும் ரிலீப் வால்வைத் திறந்துகொண்டு டேங்குக்குப் போயிருக்கும். நிமிடத்துக்கு 100 லிட்டர், 210 பார் அழுத்தம்: அது 35 கிலோவாட். ஆபரேட்டர் டீ குடிக்கப் போன நேரத்தில்கூட 35 கிலோவாட் அடுப்பு ஒன்று ஆயில் டேங்குக்குள் எரிந்துகொண்டிருக்கும். நடுவில் ஆயிலை இறக்கிவிடும் ஏற்பாடு ஒன்றைச் சேர்க்காமல் இந்த மாற்றத்தைச் செய்யவே முடியாது என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. கட்டுரையாளர் தெரிந்து விட்டாரா, தெரியாமல் விட்டாரா என்பது எனக்கு முக்கியமில்லை. படித்தவர் பம்பைக் கழற்றக் கிளம்பிவிட்டார். அதனால்தான் இந்த எதிர்வினையை மென்மையாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

கட்டுரையின் அடித்தளம் ஒரே ஒரு வாக்கியம். எஞ்சின் 1600 ஆர்.பி.எம்.மில் ஓடுகிறது, பம்பு எதுவானாலும் அதே 1600தான், ஆகவே டீசல் செலவும் ஒன்றுதான் என்கிறார். இது தவறு. டீசல் எஞ்சினின் கவர்னர், வேகத்தை ஒரே அளவில் வைத்திருப்பதற்காகவே டீசலைக் கூட்டிக் குறைக்கிறது. ஏற்றத்தில் ஏறும் லாரியும் இறக்கத்தில் இறங்கும் லாரியும் ஒரே ஆர்.பி.எம்.மில் ஓடலாம், ஆனால் ஒரே டீசலைக் குடிப்பதில்லை. எஞ்சினை அழுத்துவது பம்பு அச்சில் விழும் முறுக்குவிசை. அதைத் தீர்மானிப்பவை இரண்டு: பம்பு ஒரு சுற்றுக்குத் தள்ளும் கொள்ளளவு, அது எதிர்கொள்ளும் அழுத்தம். கியர் பம்பில் முதலாவது மாறவே மாறாது. ஆகவே அழுத்தம் ஏறியதும் முழு முறுக்குவிசையும் எஞ்சின் மேல் விழுகிறது. தள்ளிய ஆயிலில் எவ்வளவு சிலிண்டருக்குப் போனது, எவ்வளவு வீணே திரும்பியது என்று எஞ்சினுக்குத் தெரியாது. தள்ளிய மொத்தத்துக்கும் டீசல் எரிந்துவிட்டது.

இங்கே ஒரு வேலையை எண்களோடு பார்ப்போம். கணக்கு எளிது. அழுத்தத்தைப் பாரிலும் ஓட்டத்தை நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்றும் எடுத்து, இரண்டையும் பெருக்கி 600ஆல் வகுத்தால் கிலோவாட் வந்துவிடும். ஒரு சுற்றுக்கு 63 சி.சி. தள்ளும் கியர் பம்பு, 1600 ஆர்.பி.எம்.மில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 லிட்டர் தரும். குடிநீர்க் குழாய்க்கு வாய்க்கால் தோண்டும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கெட்டைப் பழைய குழாயின் மேல் இடித்துவிடாமல் ஆபரேட்டர் பூமை மெல்ல இறக்கி, மண்ணைச் சீவி, மெல்லத் தூக்குகிறார். லீவர் கால்வாசிதான் இழுபட்டிருக்கிறது. பூம் சிலிண்டருக்கு 25 லிட்டர் போதும். சுமை 120 பார் கேட்கிறது.

திறந்த நடுவழி கொண்ட பழைய வால்வில், அந்த 25 லிட்டரைச் சிலிண்டருக்குள் அனுப்ப ஒரே வழிதான் உண்டு. ஸ்பூல் நகர்ந்து நடுவழியை நெரிக்க வேண்டும். நெரிக்க நெரிக்க அழுத்தம் ஏறும். 120 பாரைத் தொட்டதும் சிலிண்டர் அசையத் தொடங்கும். மீதி 75 லிட்டர் அந்த நெரிந்த நடுவழியாக டேங்குக்குப் போகும். ஆனால் வெறுமனே போகாது. 120 பாருக்கு ஏற்றப்பட்ட பிறகுதான் போகும். கிணற்றிலிருந்து மேல்தொட்டி உயரத்துக்கு நூறு குடம் தண்ணீரை ஏற்றி, இருபத்தைந்தை எடுத்துக்கொண்டு, எழுபத்தைந்தை அந்த உயரத்திலிருந்தே திரும்பக் கிணற்றில் கொட்டுவதற்கு இது சமம். பம்பு வாங்கிய சக்தி 20 கிலோவாட். பூம் வாங்கியது 5. மற்ற 15 கிலோவாட் ஸ்பூலின் விளிம்பில் சூடாக மாறிவிட்டது. குளிர்விக்க ஏற்பாடில்லாவிட்டால் 100 லிட்டர் ஆயிலை அது நிமிடத்துக்கு ஐந்து டிகிரிக்கு மேல் சூடேற்றும்.

வீச்சு மாறும் லோடு சென்சிங் பிஸ்டன் பம்பில் இதே வேலை எப்படி நடக்கிறது? சிலிண்டர் எதிர்கொள்ளும் அழுத்தத்தை ஒரு மெல்லிய ஹோஸ் பம்பின் தலையில் உள்ள சிறு வால்வுக்குக் கொண்டுவருகிறது. எல்.எஸ். லைன் என்பது அதுதான். அந்தச் சிறு வால்வு, சுமையின் அழுத்தத்தைவிட ஏறக்குறைய 20 பார் மட்டும் அதிகமாக இருக்கும்படி பம்பின் ஸ்வாஷ் பிளேட்டைச் சாய்க்கிறது, நிமிர்த்துகிறது. ஸ்பூல் 25 லிட்டருக்கு மேல் வழிவிடாதபோது பம்பும் 25 லிட்டருக்கு மேல் தள்ளுவதில்லை. 140 பாரில் 25 லிட்டர் என்றால் ஆறு கிலோவாட்டுக்குக் கீழே. குறைந்த வீச்சில் பிஸ்டன் பம்புக்கே உரிய உராய்வும் கசிவும் உண்டு. அவற்றுக்காக இன்னும் ஒன்றரை கிலோவாட் சேர்த்தாலும் 7.3. எஞ்சின் அச்சில் கியர் பம்பு 120 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைக் கேட்ட இடத்தில், இந்தப் பம்பு 45ஐத் தாண்டவில்லை. ஆர்.பி.எம். இரண்டிலும் அதே 1600தான். கட்டுரையாளர் ஒன்றென்று அடித்துச் சொன்ன இரண்டு வண்டிகளுக்கும் இடையே, இந்த ஒரு அசைவில் உள்ள வித்தியாசம் இதுதான்.

அவருடைய அடுத்த வாதம்: லீவர் நடுவில் இருக்கும்போது கியர் பம்பின் ஆயில் அழுத்தமின்றித் திரும்புகிறது, ஆகவே இழப்பில்லை. முற்றிலும் அழுத்தமின்றித் திரும்புவதில்லை. ஆறேழு ஸ்பூல்களின் நடுவழியையும், ஹோஸ்களையும், பில்டரையும் கடக்க 10, 15 பார் தேவைப்படும். 100 லிட்டருக்கு அது இரண்டரை கிலோவாட். அதைப் பெரிய இழப்பு என்று நானும் சொல்லவில்லை. என் கோபம் வேறு. லீவர் முழுக்க நடுவில் இருக்கும் நிலையையும் முழுக்க இழுபட்ட நிலையையும் மட்டும் அளந்துவிட்டு, இரண்டிலும் இழப்பில்லை என்று அறிவித்துவிட்டார். அந்த இரண்டு முனைகளிலும் கியர் பம்பு நல்ல பம்புதான், ஒத்துக்கொள்கிறேன். இழப்பின் பெரும்பகுதி இடையில் கிடக்கிறது. மண் வெட்டும் வண்டியில் ஆபரேட்டரின் கை அதிக நேரம் இருக்கும் இடமும் அந்த இடைநிலைதான். எண்ணெய்ச் செக்கில் எடை போடாமல் விட்ட மூட்டையைப் போல, அந்த 75 லிட்டர் அவர் கணக்கில் எங்குமே வரவில்லை.

இன்னொரு முனையும் உண்டு. பக்கெட் பாறையில் சிக்கி நிற்கும்போது, ஆபரேட்டர் லீவரை விடாமல் இழுத்துப் பிடிக்கிறார். கியர் பம்பின் 100 லிட்டரும் ரிலீப் வால்வு வழியே 210 பாரில் கொட்டுகிறது. மறுபடியும் அந்த 35 கிலோவாட், வேலை பூஜ்யம். வால்வு கீச்சென்று கத்துவதை வைத்தே தெருவில் நிற்பவருக்கும் அது தெரியும். அதே இடத்தில் வீச்சு மாறும் பம்பு உச்ச அழுத்தத்தைத் தொட்டதும் வீச்சைக் கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, அழுத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும். செலவு இரண்டு மூன்று கிலோவாட்.

இனி அவர் சொன்னதில் உண்மையான பகுதிக்கு வருகிறேன். லோடு சென்சிங்கில் அந்த 20 பார் எப்போதும் வீண் என்கிறார். சரி. கட்டுரையிலேயே சரியான வாக்கியம் இது ஒன்றுதான். லீவரை முழுக்க இழுத்து, சிலிண்டர் 100 லிட்டரையும் 150 பாரில் வாங்கிக்கொள்ளும்போது கியர் பம்புக்கு 25 கிலோவாட் போதும். லோடு சென்சிங் பம்பு 170 பாரில் நின்று 28.3 எடுக்கும். அந்த நேரத்தில் கியர் பம்பே சிக்கனம். ஆனால் இதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டுத் தீர்ப்பு எழுதக் கூடாது. எவ்வளவு நேரம் இப்படி, எவ்வளவு நேரம் அப்படி என்று கடிகாரத்தைக் கையில் வைத்துப் பார்க்க வேண்டும். நான் அந்த வாய்க்கால் வேலையில் நின்று பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 20 நிமிடம் லீவர் நடுவில்: மண்லாரிக்கும் குழாய் இறக்குபவர்களுக்கும் காத்திருப்பு. 15 நிமிடம் மெல்லிய வேலை. 22 நிமிடம் முழு வீச்சு. மூன்று நிமிடம் சிக்கி நிற்பது.

மேலே சொன்ன கிலோவாட்டுகளை இந்த நிமிடங்களோடு பெருக்கிக் கூட்டுங்கள். லீவர் நடுவில் நிற்கும்போது லோடு சென்சிங் பம்புக்கு உராய்வும் கசிவும் கேட்கும் அந்த ஒன்றரை கிலோவாட்டை வையுங்கள். கியர் பம்புக்கு மணிக்கு 16.8 கிலோவாட் மணி. லோடு சென்சிங் பம்புக்கு 12.8. அந்த 20 பார் தண்டத்தையும் பிஸ்டன் பம்பின் உராய்வையும் சேர்த்த பிறகு வரும் விடை இது. நான்கு கிலோவாட் மணிக்கு எஞ்சின் ஏறக்குறைய ஒரு லிட்டர் டீசல் எரிக்கும். ஆண்டுக்கு 1500 மணி நேரம் ஓடும் வண்டிக்கு 1500 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 1,38,000 ரூபாய். கட்டுரையாளர் விற்பனைத் தந்திரம் என்று பெயர் வைத்தது இதற்குத்தான்.

இதே கணக்கை வேறு வேலைக்குப் போட்டால் விடை தலைகீழாகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜல்லிக் குவியலிலிருந்து லாரிக்கு இடைவிடாமல் ஏற்றும் வேலை. மணிக்கு 10 நிமிடம் நடுநிலை, 48 நிமிடம் முழு வீச்சு, இரண்டு நிமிடம் முட்டி நிற்பது. மெல்லிய வேலை இல்லவே இல்லை. கியர் பம்புக்கு 21.6 கிலோவாட் மணி, லோடு சென்சிங்குக்கு 23. கியர் பம்பு வெல்கிறது. டிப்பர் லாரியின் தொட்டியைத் தூக்குவது, மரம் பிளப்பது போல, முழு ஓட்டமும் வேலைக்குப் போகும் இடங்களில் வீச்சு மாறும் பம்பு போடச் சொல்லி யார் வந்தாலும் நானே வேண்டாம் என்பேன். தூசி படிந்த ஆயிலைக் கியர் பம்பு பொறுத்துக்கொள்ளும் அளவுக்குப் பிஸ்டன் பம்பு பொறுக்காது என்பதும் உண்மை. பில்டரை மாற்றாமல் ஓட்டும் வண்டிக்கு அது ஏற்றதல்ல. இந்த எல்லைகளை எழுதியிருந்தால் அவருடைய கட்டுரை பயனுள்ள கட்டுரையாக இருந்திருக்கும். அவர் எல்லைகளை எழுதவில்லை. எல்லா வண்டிக்கும், எல்லா வேலைக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதினார்.

அந்தத் தீர்ப்புக்கு ஆதாரமாக அவர் காட்டிய சோதனையைப் பார்த்தபோதுதான் எனக்குப் பொறுமை முழுக்கப் போனது. இரண்டு வண்டிகளை ஒரே நாள் லாரிக்கு ஜல்லி ஏற்ற விட்டாராம். ஒன்று கியர் பம்பு, மற்றொன்று லோடு சென்சிங். மாலையில் டேங்கை நிரப்பிப் பார்த்தால் இரண்டும் குடித்த டீசல் ஏறக்குறைய ஒன்றுதானாம். வேலையைத் தேர்ந்த விதமே தவறு. லோடு சென்சிங் மிச்சம் பிடிக்க வழியே இல்லாத வேலையைக் கொடுத்துவிட்டு, மிச்சம் பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். அது போகட்டும். கட்டுரையோடு அச்சான படத்தை ஒரு முறை உற்றுப் பாருங்கள். அவர் லோடு சென்சிங் என்று பெயரிட்ட வண்டியின் பம்பு அதில் தெளிவாகத் தெரிகிறது. டேங்கிலிருந்து வரும் தடித்த ஹோஸ் ஒன்று, வால்வுக்குப் போகும் அழுத்த ஹோஸ் ஒன்று. அவ்வளவுதான். மூன்றாவது ஹோஸ் இல்லை. அது கியர் பம்பு.

வீச்சு மாறும் பிஸ்டன் பம்பில் உள்ளே கசியும் ஆயிலைக் கூட்டுக்குள்ளிருந்து டேங்குக்குத் திருப்பிக் கொண்டுபோகும் கேஸ் டிரெய்ன் ஹோஸ் கட்டாயம் இருக்கும். லோடு சென்சிங் பம்பானால், வால்விலிருந்து பம்பின் தலைக்கு வரும் விரல் தடிமன் ஹோஸ் ஒன்றும் இருக்கும். இரண்டும் இல்லாத பம்பு எதையும் உணர்வதில்லை. அந்த வண்டியில் லோடு சென்சிங்காக இருந்தது வால்வு மட்டுமே. கியர் பம்போடு சேர்த்து ஓட்டும்படி செய்யப்பட்ட அத்தகைய வால்வுகள் நிறைய உண்டு. டான்ஃபாஸ் நிறுவனத்தின் பி.வி.ஜி. 32 என்ற புகழ்பெற்ற வால்வு வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பம்புப் பக்கப் பகுதி இரண்டு விதமாகக் கிடைக்கிறது: வீச்சு மாறாத பம்புக்குத் திறந்த நடுவழி வகை, வீச்சு மாறும் பம்புக்கு மூடிய வகை. மற்ற ஸ்பூல் பகுதிகள் இரண்டுக்கும் பொது. வெளியிலிருந்து வால்வைப் பார்த்து, இது லோடு சென்சிங் என்று சொல்பவருக்குப் பாதிதான் தெரியும்.

கியர் பம்போடு சேர்ந்த லோடு சென்சிங் வால்வு என்ன செய்கிறது? சுமையின் அழுத்தத்தை உணர்ந்து, அதைவிடக் கொஞ்சம் அதிகமான அழுத்தத்தில், தேவைக்கு மிஞ்சிய ஆயிலை நுழைவாயிலிலேயே டேங்குக்குத் திருப்பிவிடுகிறது. ஆபரேட்டருக்கு இதில் பெரிய லாபம் உண்டு. சுமை கூடினாலும் குறைந்தாலும் லீவர் அதே தூரத்தில் அதே வேகத்தைக் கொடுக்கும். கை ஒரு நாளில் பழகிவிடும். ஆனால் நம் வாய்க்கால் வேலையில் அந்த 75 லிட்டர் எங்கே போனது? அதே 75 லிட்டர்தான், 120க்குப் பதில் 130 பாரில் கொட்டியது. பழைய வால்வைவிடச் சற்று அதிகமாகவே வீண். கியர் பம்பையும் கியர் பம்பையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றாகக் குடிக்கின்றன என்று கண்டுபிடித்திருக்கிறார். கண்டுபிடித்ததை வேறொரு பம்பின் மேல் குற்றமாக எழுதியிருக்கிறார். உணர்வது வால்வின் வேலை, குறைப்பது பம்பின் வேலை. இரண்டாவது இல்லாவிட்டால் டீசல் மிச்சமில்லை. இந்த வேறுபாடு தெரியாதவர் இந்தத் துறைபற்றி அறிவுரை எழுதக் கூடாது. எழுதினால் படிப்பவர்கள் பணத்தை இழப்பார்கள்.

இரண்டு அசைவுகள் ஒரே சமயத்தில் நடக்கும்போது லோடு சென்சிங் பெரிதாக வீணடிக்கிறது என்பது அவருடைய கடைசி ஆயுதம். இதிலும் பாதி உண்மை இருப்பதால் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். பூமைத் தூக்க 180 பாரில் 30 லிட்டர், கூடவே பக்கவாட்டில் திருப்ப 60 பாரில் 50 லிட்டர் என்று வைப்போம். லோடு சென்சிங் பம்பு பெரிய சுமையைத்தான் கேட்கும். 200 பாரில் நின்று 80 லிட்டர் தள்ளும், அது 26.7 கிலோவாட். வேலையாக மாறுவது 14. திருப்பும் சிலிண்டருக்குப் போகும் ஆயில் 200 பாரிலிருந்து 60க்கு நெரிந்து இறங்குவதால்தான் மீதியில் பெரும்பகுதி போகிறது. மொத்தத்தில் ஏறக்குறைய 12.7 கிலோவாட் வீண். இதுவரை அவர் சொல்வது சரி.

ஆனால் கியர் பம்பு வண்டியில் இதே இரண்டு அசைவுகள் இழப்பில்லாமல் நடப்பதுபோல் எழுதியிருக்கிறாரே, அதுதான் பொய். திறந்த நடுவழி வால்வில் ஆயில் எளிதான வழியைத்தான் தேடும். இரண்டு லீவர்களையும் முழுக்க இழுத்தால் பூம் பக்கவாட்டில் வேகமாகத் திரும்பும். மேலே ஏறாது. பூம் ஏற வேண்டுமானால் ஆபரேட்டர் திருப்பும் லீவரைக் கையாலேயே நெரித்துப் பிடிக்க வேண்டும். மற்ற வண்டியில் வால்வு செய்யும் நெரிப்பை இங்கே மனிதனின் மணிக்கட்டு செய்கிறது. இழப்பு அதே இடத்தில், அதே காரணத்தால். அதற்கு மேல், யாருக்கும் தேவையில்லாத 20 லிட்டரும் 180 பாரில் டேங்குக்குப் போகிறது. பம்பு எடுப்பது 30 கிலோவாட், வீண் 16. ஒரு தராசில் மட்டும் எடைக்கல்லை வைத்துவிட்டு மறுதட்டைக் காலியாக விட்டால் எந்தப் பொருளும் கனமாகத்தான் தெரியும்.

பழைய ஆபரேட்டர்கள் மெல்லிய வேலைக்கு எஞ்சினை 1000 ஆர்.பி.எம்.முக்கு இறக்கிவிடுவார்கள். கட்டுரையாளர் சொல்லாமல் விட்ட ஒரு நல்ல வாதத்தை அவர் சார்பாக நானே சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் கியர் பம்பு 63 லிட்டர்தான் தரும், மிஞ்சுவது 38, இழப்பு 15 கிலோவாட்டிலிருந்து 7.6க்கு இறங்கிவிடும். எந்தப் பொறியாளரும் சொல்லித்தராமல் அவர்களாகக் கண்டுகொண்ட சிக்கனம் அது. ஆனால் அடுத்த நொடியே பக்கெட்டை நிரப்பித் திருப்பிக் கொட்ட முழு ஓட்டம் வேண்டும். நிமிடத்துக்கு மூன்று முறை தோண்டும் வேலையில் ஒவ்வொரு முறையும் வேகத்தை ஏற்றி இறக்க யாராலும் முடியாது. காண்டிராக்டர் பக்கத்தில் நின்று அவசரப்படுத்தும்போது ஆபரேட்டர் 1800இல் வைத்துவிட்டு மறந்துவிடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

இனி என் பட்டறைக்கு வந்த அந்த வண்டி. ஆயில் சூடாகிறது, டீசல் அதிகம் குடிக்கிறது என்று வண்டிக்காரர் சொன்னது பொய்யல்ல. டேங்கின் பக்கவாட்டில் கையை வைக்க முடியவில்லை. கட்டுரையை நம்பியிருந்தால், லோடு சென்சிங் என்றாலே இப்படித்தான் என்று முடிவு கட்டியிருப்பேன். நான் இரண்டு கேஜ்களை மாட்டினேன்: ஒன்று பம்பின் அழுத்த முனையில், மற்றொன்று எல்.எஸ். லைனில். லோடு சென்சிங் வண்டியின் மேல் குற்றம் சொல்வதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இதுதான். அரை மணி நேரம்கூட ஆகாது. லீவர் எல்லாம் நடுவில் இருக்கும்போது எல்.எஸ். லைன் பூஜ்யத்துக்கு அருகிலும், பம்பு 20 பாரை ஒட்டியும் காட்ட வேண்டும். இந்த வண்டியில் பம்பு 130 காட்டியது. எல்.எஸ். லைன் 110.

அந்த இரண்டு எண்களின் வித்தியாசம் 20. அதாவது பம்பில் கோளாறே இல்லை. தனக்கு வந்த செய்திக்கு அது சரியாகக் கீழ்ப்படிந்துகொண்டிருந்தது; செய்திதான் பொய். லீவரை விட்டதும் எல்.எஸ். லைனில் தங்கும் அழுத்தம் ஊசித்துளை போன்ற ஒரு சிறு துளை வழியே டேங்குக்கு வடிந்துவிட வேண்டும். துளை அடைத்துவிட்டால் முன்பு தூக்கிய சுமையின் அழுத்தம் லைனிலேயே சிறைப்பட்டு நிற்கும். பம்பு இன்னும் அந்தச் சுமை இருப்பதாக எண்ணி 130 பாரிலேயே காத்திருக்கும். பிறகு 50 பார் போதுமான எந்த லேசான அசைவும் 130இலிருந்து நெரிந்துதான் நடக்கும். நிமிடத்துக்கு 60 லிட்டர் வாங்கும் அசைவில் அது எட்டு கிலோவாட் வீண். சூடும் டீசலும் வந்த வழி அதுதான்.

அதற்கு முன் யாரோ ஒரு மெக்கானிக் பம்பின் தலையில் உள்ள திருகுகளையும் தொட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். வண்டி மந்தமாக இருக்கிறது என்று வந்தவுடன் அந்த 20 பார் திருகை 30க்கு முறுக்கிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஸ்பூலில் ஓட்டம் அழுத்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடும். தண்டமோ பாதிக்குப் பாதி கூடி, எல்லா அசைவிலும், எல்லா நேரமும் ஒட்டிக்கொள்ளும். நல்லவேளை, இந்த வண்டியில் திருகின் மேல் போட்ட வண்ண அடையாளம் கலையாமல் இருந்தது.

வால்வின் கடைசிப் பகுதியைக் கழற்றி அந்தத் துளைக்குழாயை எடுத்தேன். கறுத்த ரப்பர் துணுக்கு ஒன்று, கடுகில் பாதி இருக்கும், வாயில் அடைத்திருந்தது. ஏதோ ஒரு சிலிண்டர் சீல் உதிர்ந்து வந்தது. ஊதி, டீசலில் கழுவி, பில்டரை மாற்றி, திரும்ப மாட்டினேன். வண்டியை எடுத்து, பூமைத் தூக்கி இறக்கி, லீவரை விட்டோம். எல்.எஸ். முள் விழுந்து பூஜ்யத்தை ஒட்டியது. பம்பின் முள் 22இல் நின்றது. அவர் கேஜைப் பார்த்தார், பிறகு பெஞ்சில் கிடந்த இதழைப் பார்த்தார். "அப்ப பம்பைக் கழட்ட வேண்டியதில்லைங்களா?" என்று கேட்டார்.